பிடித்துவைத்த பணமும் எடுத்த பணமும்

புரட்டாசி சனிக்கிழமை, டர்பனில் எங்கள் கோயில் சமையற்கட்டில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது ஓர் அக்கா போனை என் முன்னால் நீட்டினார். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர். தீபாவளிக்கு ஆன்லைனில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும், ஒரு புடவையும், பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வேட்டி சட்டையும் வாங்கியிருந்தார். மொத்தம் 3,250 ராண்ட். "தம்பி, ஒரே சாமானுக்கு ரெண்டு தடவை காசு எடுத்துட்டான். பாரு, 6,500 போயிருக்கு. வீட்டுக் கடனும் பவுன்ஸ் ஆயிடுச்சு" என்றார்.

நான் சில வருடம் ஓர் ஆன்லைன் கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். வங்கியிலிருந்து வந்த பணத்தையும் கடையில் விற்ற சாமானையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. அதனால் அந்தத் திரையைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டது. கடை இரண்டு தடவை காசு எடுக்கவில்லை. அதுவரை 1,800 மட்டுமே எடுத்திருந்தது. மீதி 4,700 அக்காவின் கணக்கிலேயேதான் இருந்தது, ஆனால் அவரால் அதைத் தொட முடியாது. இது எப்படி நடக்கிறது என்று அடுப்படியில் நின்று சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

கார்டு எண்ணைப் போட்டு, வங்கியின் ஆப்பில் 'சரி' என்று அழுத்தியதும் காசு கடைக்குப் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் ஒரு சென்ட்கூட நகர்வதில்லை. ஆப்பில் அழுத்துவது "இந்தக் கார்டுக்காரர் நான்தான்" என்று காட்டுவதற்கு. அதை ஒட்டி, கடையின் வங்கி நம் வங்கிக்கு ஒரு கேள்வி அனுப்புகிறது: இந்தக் கார்டில் 3,250 ராண்ட் இருக்கிறதா, எங்களுக்காக எடுத்து வைப்பீர்களா? கார்டுச் செய்திகளுக்கான உலகப் பொது வடிவமான ISO 8583-இல் இந்தக் கேள்விக்கு 0100 என்று எண், பதிலுக்கு 0110. நம் வங்கி "ஆகட்டும்" என்றால் பதிலோடு ஆறு எழுத்தோ இலக்கமோ கொண்ட ஓர் அனுமதி எண்ணும் போகும். அதே நொடியில் நம் கணக்கில் அந்தத் தொகைக்கு ஒரு பூட்டு விழும். இங்குள்ள சில வங்கிகளின் குறுஞ்செய்தியில் "reserved" என்று வருமே, அந்தச் சொல் மிகச் சரியானது. ஒதுக்கி வைத்திருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை, தொகையை மட்டும் பார்க்கிறோம்.

காசு உண்மையில் நகர இன்னொரு செய்தி வேண்டும். சாமான் பெட்டியில் ஏறி வண்டி கிளம்பியதும் கடை "நீங்கள் எடுத்து வைத்ததைக் கொடுங்கள்" என்று வசூல் செய்தி அனுப்பும். அதற்கு ஓரிரு நாளில் தொகை கணக்கிலிருந்து நிஜமாகவே கழியும், வங்கி அறிக்கையில் ஒரு வரியாக ஏறும். பூட்டு அதோடு விலகும். இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் இரண்டு மணி நேரமும் இருக்கலாம், பத்து நாளும் இருக்கலாம்.

கடைக்காரர் ஏன் உடனே எடுத்துக்கொள்ளாமல் காத்திருக்கிறார் என்று கேட்கலாம். ஒரு காரணம் கார்டு நிறுவனங்களின் விதி. முன்பணம் என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் தவிர, சாமானை அனுப்பும்போதுதான் வசூலிக்க வேண்டும் என்பது வெகுநாளாக இருக்கும் வழக்கம். இன்னொரு காரணம் கடைக்கே லாபமானது. கணினியில் 'இருக்கிறது' என்று காட்டும் விளக்கு, கிடங்கில் தேடினால் இல்லாமல் இருக்கும், அல்லது மூக்கு உடைந்திருக்கும். காசை எடுத்த பிறகு திருப்பிக் கொடுப்பதென்றால் கடைக்கு அதில் கட்டணம் போகும், ஒரு ஆளின் அரை மணி நேரமும் போகும். எடுக்கவே இல்லையென்றால் பூட்டைத் திறந்துவிடு என்று ஒரு செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது.

அந்தச் செய்திக்கு ரிவர்சல் என்று பெயர், எண் 0400. இந்தக் கதையில் வில்லன் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால், அனுப்பாமல் விட்ட ரிவர்சலைத்தான் சொல்வேன்.

சரி, அக்காவின் கணக்குக்கு வருவோம். மற்ற சில்லறைச் செலவுகளை ஒதுக்கிவிடுகிறேன். செப்டம்பர் 25-ஆம் தேதி சம்பளம் வந்ததும் கணக்கில் இருந்தது 9,200 ராண்ட். மறுநாள் ஆர்டர் போட்டார். விளக்கு 1,450, புடவை 1,180, பிள்ளைகளின் உடுப்பு 620. ஆகமொத்தம் 3,250-க்குப் பூட்டு விழுந்தது. கணக்கு இருப்பு 9,200 என்றே நின்றது. ஆனால் எடுக்கக்கூடிய இருப்பு, அதாவது ஆப்பில் "Available balance" என்று இருப்பது, 5,950 ஆனது.

புடவையும் உடுப்பும் டர்பன் கிடங்கிலேயே இருந்தன. விளக்கு ஜோகன்னஸ்பர்க் கிடங்கில். ஆகவே கடையின் கணினி ஒரே ஆர்டரை இரண்டு பெட்டியாகப் பிரித்தது. இது வரைக்கும் தப்பில்லை. ஒழுங்கான முறையில் நடந்திருந்தால், முதல் பெட்டி கிளம்பியபோது பழைய அனுமதியின் பேரிலேயே 1,800 ராண்ட் வசூலித்து, 1,450-ஐ மட்டும் பூட்டில் விட்டிருக்கும். அப்போது அக்காவின் இருப்பு 7,400, அதில் 1,450 பூட்டில், எடுக்கக்கூடியது அதே 5,950. அவருக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது.

இந்தக் கடை அப்படிச் செய்யவில்லை. பெட்டிக்கு ஒரு புது ஆர்டர் எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் வங்கியிடம் புதிதாக அனுமதி கேட்டது. 29-ஆம் தேதி முதல் பெட்டிக்கு 1,800 புதிதாகப் பூட்டப்பட்டு வசூலுக்கும் போனது. பழைய 3,250 பூட்டை யாரும் திறக்கவில்லை. எடுக்கக்கூடியது 4,150-க்கு இறங்கியது. அக்டோபர் முதல் தேதி விடிவதற்குள் வீட்டுக் கடனுக்கான டெபிட் ஆர்டர் 4,600 ராண்ட் கேட்டு வந்தது. கணக்கில் நிஜமாக இருந்தது 7,400. ஆனால் வங்கி அதைப் பார்க்காது, எடுக்கக்கூடிய இருப்பைத்தான் பார்க்கும். 4,150-இலிருந்து 4,600 போகாது. டெபிட் ஆர்டர் திரும்பியது, அதற்கென்று ஒரு கட்டணமும் விழுந்தது; அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் விளக்குப் பெட்டி கிளம்பியபோது இன்னொரு புது அனுமதி, 1,450. சனிக்கிழமை என்னிடம் காட்டியபோது எடுக்கக்கூடியது 2,700. 9,200-இலிருந்து சரியாக 6,500 குறைந்திருந்தது.

எல்லாக் கடைகளும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் இப்படிச் செய்யும் கடைகள் சோம்பேறித்தனத்தால் மட்டும் செய்கின்றன என்றும் சொல்ல முடியாது. ஓர் அனுமதியின் மேல் ஒரே ஒரு தடவைதான் வசூலிக்கலாம் என்று பல பணப்பட்டுவாடா மென்பொருள்கள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் சில, முதல் வசூல் முடிந்ததும் மீதிப் பூட்டைத் தாமாகவே திறந்துவிடும். சில திறக்காது. திறக்காத ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய அனுமதிக்கு ரிவர்சல் அனுப்பும் வேலையை எந்தப் பிரிவின் தலையில் கட்டுவது என்று முடிவெடுக்காமல் விட்டால், வாடிக்கையாளர்தான் அதைச் சுமப்பார். எங்கள் கடையிலும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. கிடங்குக்காரர்கள் அது கணக்குப் பிரிவின் வேலை என்பார்கள், நாங்கள் கிடங்கின் வேலை என்போம்.

இதில் கவனிக்க வேண்டியது, பூட்டும் வசூலும் வங்கிக்குள்ளே இரண்டு தனித்தனிக் காகிதங்கள் மாதிரி என்பது. வசூல் செய்தி வந்ததும் "இது எந்தப் பூட்டுக்கு உரியது?" என்று வங்கியின் கணினி தேடுகிறது. அனுமதி எண், கார்டு நிறுவனம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கொடுக்கும் அடையாள எண், கடையின் பெயர், தொகை, இவற்றில் போதுமான அளவு பொருந்தினால் பூட்டைத் திறந்து வசூலை ஏற்றும். பொருந்தாவிட்டால் வசூலையும் ஏற்றும், பூட்டையும் அப்படியே விட்டுவிடும். இரட்டைப் பிடித்தம் என்று நாம் புலம்புவதில் பல இந்தப் பொருத்தம் தவறியதால் வருபவை. அக்காவின் விஷயத்தில் 1,800-க்கு ஒரு புது அனுமதி எண், 1,450-க்கு இன்னொன்று. அவை இரண்டும் தத்தம் பூட்டோடு சரியாகப் பொருந்தின. 3,250 பூட்டைத் தேடி ஒரு வசூலும் வரவேயில்லை.

சென்னைக் கடையிலிருந்து நேரே புடவை தருவிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆர்டர் அன்றைக்கு உள்ள விலையில் ரூபாயை ராண்டாக மாற்றிப் பூட்டுவார்கள், வசூல் ஏறும் நாளின் விலையில் கழிப்பார்கள். இரண்டு தொகையும் பத்து இருபது ராண்ட் வித்தியாசப்படும். அது தப்பு அல்ல.

இனி, பூட்டு எத்தனை நாள் நிற்கும்? பொதுவாக ஆன்லைன் வாங்குதலுக்கு ஏழு நாள் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மாஸ்டர்கார்டில், கடை "இது முடிவான தொகை" என்று குறித்து அனுமதி கேட்டால் ஏழு நாள், "இது முன் அனுமதி, தொகை மாறலாம்" என்று குறித்துக் கேட்டால் 30 நாள். ஆனால் இவை கடை எந்த நாள் வரைக்கும் அந்த அனுமதியை நம்பி வசூலிக்கலாம் என்பதற்கான கணக்கு. நம் கணக்கில் பூட்டை எப்போது விடுவது என்பதை நம் வங்கி தன் பழக்கப்படி முடிவு செய்கிறது. ஒரே தெருவில் ஒருவருக்கு ஐந்தாம் நாளும் இன்னொருவருக்குப் பத்தாம் நாளும் விடுபடுவது இதனால்தான்.

இங்கேதான் நம் நாட்டுச் சட்டத்துக்கும் கார்டு விதிக்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் ஆன்லைன் வாங்குதலுக்கு அடிப்படை. அதன் 46-ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு பேசியிருந்தால் தவிர, ஆர்டர் வந்த 30 நாளுக்குள் கடை சாமானைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் வாங்கியவர் ஏழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் ரத்து செய்யலாம். அதாவது சட்டப்படி கடைக்கு 30 நாள் இருக்கிறது, பூட்டுக்கோ ஏழு நாள்தான். பத்தாம் நாள் அனுப்பினாலும் கடை சட்டத்தை மீறவில்லை. ஆனால் அதற்குள் பூட்டு காலாவதியாகியிருக்கும். அப்போது கடை புதிதாக அனுமதி கேட்கும், சில சமயம் பழைய அனுமதியை வைத்தே வசூலிக்கவும் முயலும்.

இதில் நம்மவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எட்டாம் நாள் எடுக்கக்கூடிய இருப்பு திடீரென்று உயரும். "ஆர்டரை ரத்து பண்ணிட்டாங்க போல" என்று அந்தக் காசைச் செலவழித்துவிடுவோம். பதினோராம் நாள் பெட்டி கிளம்பும், வசூலும் வரும். புது அனுமதியாக வந்தால் போதிய பணம் இல்லை என்று மறுக்கப்படும், ஆர்டர் நின்றுபோகும். பழைய அனுமதியின் பேரில் வந்தால் பல வங்கிகள் அதை ஏற்றிவிடும், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆர்டர் ரத்தானதா என்பதைக் கடையின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். இருப்பு உயர்ந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சில நல்ல கடைகள் முன்பதிவு ஆர்டர்களில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, கார்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பூஜ்யத் தொகைக்குக் கேட்டுவைத்து, அனுப்பும் நாளில்தான் முழு அனுமதி வாங்குகின்றன. எனக்குப் பிடித்த முறை அதுதான்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு இதெல்லாம் அவ்வளவு உறைக்காது. பூட்டு விழுவது வங்கி கொடுத்த கடன் வரம்பில். வசூல் ஏறும் வரை அதற்கு வட்டியும் கிடையாது. டெபிட் கார்டில் பூட்டு விழுவது அரிசிக்கும் மின்சாரத்துக்கும் வைத்திருக்கும் காசில். சம்பளம் 25-ஆம் தேதி, டெபிட் ஆர்டர்களெல்லாம் மாதப் பிறப்பில் என்று ஓடும் வீட்டில், அந்த ஐந்தாறு நாளுக்குள் பெரிய தொகைக்கு டெபிட் கார்டில் ஆர்டர் போடுவதுதான் அதிக ஆபத்து. உடனடி இஎஃப்டியில் கட்டினால் பூட்டு என்ற பேச்சே இல்லை, காசு அப்போதே கடைக்குப் போய்விடும். ஆனால் சாமான் இல்லையென்றால் கடை திருப்பி அனுப்பும்வரை அது அங்கேதான் கிடக்கும். எது மேல் என்று கேட்டால், ஒழுங்கான கடையென்றால் கார்டு என்பேன்.

பூட்டா, வசூலா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆப்பில் அந்த வரி "Pending" என்ற தலைப்பின் கீழ் இருந்தால் பூட்டு. கணக்கு இருப்பும் எடுக்கக்கூடிய இருப்பும் வித்தியாசப்பட்டால் அந்த வித்தியாசம்தான் மொத்தப் பூட்டு. அக்காவின் போனில் சனிக்கிழமை கணக்கு இருப்பு 7,400, எடுக்கக்கூடியது 2,700. வித்தியாசம் 4,700. அதாவது பழைய 3,250-உம் விளக்கின் 1,450-உம். இதைச் சொல்லிக் காட்டியபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பூட்டு என்று தெரிந்தபின் வங்கியில் போய் "இது என் காசு, திருப்பித் தாருங்கள்" என்று புகார் எழுதினால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். எடுக்காத காசை எப்படித் திருப்புவது? வசூல் ஏறியபிறகுதான் அதை மறுத்துக் கேட்கும் வழியே திறக்கும். முதலில் பிடிக்க வேண்டியது கடையை. ஆர்டர் எண்ணைச் சொல்லி, முதல் அனுமதியின் ஆறு எழுத்து எண் என்ன, அதற்கு ரிவர்சல் அனுப்பியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். "ரீஃபண்ட் போட்டாச்சா?" என்று கேட்டால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, போடவில்லை என்று சொல்லிவிடும், அது உண்மையும்கூட. ரிவர்சல் என்ற சொல்லைச் சொன்னால்தான் கேள்வி சரியான மேசைக்குப் போகும். அனுப்பவில்லை என்றால் உடனே அனுப்பச் சொல்லலாம். அனுப்ப முடியாது என்றால், இந்த அனுமதியை நாங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்று அனுமதி எண்ணோடு ஒரு மின்னஞ்சல் வாங்கி வங்கியிடம் கொடுத்தால், சில வங்கிகள் கையால் விடுவிக்கும். சில, நாள் முடியட்டும் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று, ரத்தான ஆர்டருக்கு ரீஃபண்ட் வரி வரும் என்று வாரக்கணக்கில் அறிக்கையைப் புரட்டுபவர்கள் இருக்கிறார்கள். வசூலே ஆகாதிருந்தால் அப்படி ஒரு வரி வராது. பூட்டு சத்தமில்லாமல் மறையும். எடுக்கக்கூடிய இருப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஞாயிறு காலை 3,250 விடுபட்டது. அன்று எடுக்கக்கூடியது 5,950. கடன் தவணையை அவரே கையால் கட்டினார். பவுன்ஸ் கட்டணம் மட்டும் மிச்சம். வங்கி தன் விதிப்படிதான் நடந்தது என்று சொல்லிவிட்டது. கடையோ "நாங்கள் 1,800-உம் 1,450-உம்தானே எடுத்தோம், உங்கள் அறிக்கையைப் பாருங்கள்" என்றது. மாத அறிக்கையைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பூட்டு எதுவும் அறிக்கையில் ஏறாது, விலகியபின் ஆப்பிலும் தடயம் இருக்காது. நல்லவேளையாக, என்னிடம் காட்டிய அன்று அந்தத் திரையை ஒரு படம் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தேன். 3,250, 1,450 என்று இரண்டு பூட்டும் ஒரே கடையின் பெயரில் அதில் இருந்தன. அதை அனுப்பியபிறகுதான் கடை கட்டணத் தொகைக்கு ஒரு வவுச்சர் கொடுத்தது. அதில் அக்கா விளக்குத் திரி வாங்கினார்.